'இது என் சொந்தப் படைப்பு': கையெழுத்துக்கு முன் அந்த வரியைப் படிப்பது எப்படி?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து வரும் ஒரு காலாண்டிதழுக்கு நான் மெய்ப்புப் பார்க்கிறேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய், ஆசிரியரோடு உட்கார்ந்து அந்த வாரம் வந்த கதைகளைப் படிப்போம். இப்போதெல்லாம் எழுதத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இரண்டு கேள்விகள். "ஏஐ எழுதியதா இல்லையான்னு நீங்க எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்பது ஒன்று. "ஒப்பந்தத்தில் ஏஐ பற்றி ஒரு வரி இருக்கு, கையெழுத்துப் போடலாமா?" என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே கேள்விதான். முதலாவதற்கு உறுதியான பதில் கிடையாது. அதனால்தான் இரண்டாவதில் இருக்கும் அந்த வரி இவ்வளவு கனமாக இருக்கிறது. எங்களுக்கு வந்த ஒரு கதையை வைத்தே இதைச் சொல்கிறேன். எழுதிய பெண்ணின் ஒப்புதலோடுதான் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றார்.

கதை தானே புயலைப் பற்றியது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயலை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பண்ருட்டி சுற்றுவட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். கதையின் தொடக்கம் அருமை. ஒரு தாத்தா, அவருடைய முந்திரித் தோப்பு, கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் ஒண்டிக்கொண்ட ஒரு சிறுமி. மூன்றாம் பக்கத்தில்தான் ஆசிரியர் பேனாவை வைத்து நிறுத்தினார். "புயல் வீசிய இரவில், பழுத்துத் தொங்கிய முந்திரிப் பழங்களின் மணம் காற்றில் கலந்திருந்தது" என்று ஒரு வரி.

டிசம்பரில் முந்திரிப் பழம் ஏது? இங்கே முந்திரி பழுப்பது பங்குனி, சித்திரை வாக்கில். டிசம்பர் கடைசியில் மரம் இன்னும் பூவே சரியாக விட்டிருக்காது. தோப்பில் வளர்ந்த பிள்ளை இப்படி எழுதுமா?

அடுத்த பக்கத்தில் இன்னொன்று. தேவனாம்பட்டினத்துத் தாய் ஒருத்தி கரையில் நின்று மகனிடம் சொல்கிறாள்: "மகனே, நெருங்கி வரும் இந்தப் புயலைக் குறித்து நான் ஆழ்ந்த கவலை கொண்டிருக்கிறேன்." ஆசிரியர் அதை வாய்விட்டுப் படித்தார். எங்கள் கரையில் ஒரு அம்மா "என்னடா, கடல் ஒரு மாதிரியா கெடக்கு, போவாத" என்பாள். அந்தக் 'கவலை கொண்டிருக்கிறேன்' எந்தக் கரையிலும் எழாத குரல்.

சோதனை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஊர் தெரிந்த ஒருவர் படிக்கும்போது ஓர் இடம் இடறுகிறது. பத்திக்குப் பத்தி கடைசி வரியில் ஒரு தத்துவம், பேசுகிற எல்லோருக்கும் ஒரே நடை, அக்கா அண்ணி மாமா என்ற விளிப்பே இல்லாத உரையாடல் என்று அடையாளங்கள் உண்டு. ஆனால் இவை சந்தேகத்துக்குக் காரணம் ஆகலாமே தவிர, சான்று ஆகாது. மொழிபெயர்ப்பு நூல்களையே படித்து வளர்ந்த இருபது வயதுக்காரர் எழுதினாலும் இதே குறைகள் வரும். ஏஐ வருவதற்கு முன்பே இப்படிப்பட்ட கதைகளை நான் திருத்தியிருக்கிறேன். முந்திரிப் பழத் தவறைச் சென்னையில் உட்கார்ந்து எழுதும் மனிதரும் செய்வார்.

சரி, இதற்கென்றே மென்பொருள் இருக்கிறதே, அதில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பார்கள். அங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

டிடெக்டர் என்று சொல்லப்படும் இந்த மென்பொருள்கள் பல, ஒரு வாக்கியத்தின் அடுத்த சொல் எவ்வளவு எளிதாக ஊகிக்கக்கூடியது என்பதை ஒரு முக்கியக் குறிப்பாகக் கணக்கிடுகின்றன. ஏஐ எழுதும்போது பெரும்பாலும் எதிர்பார்க்கக்கூடிய சொல்லையே எடுத்து வைக்கும். மனிதர்கள் திடீரென்று வேறு பக்கம் திரும்புவார்கள். ஆக, ஊகிக்க எளிதான உரை என்றால் இயந்திரம் எழுதியிருக்கலாம் என்று கருவி சொல்கிறது. அதற்குத் தெரிவது அந்தச் சாயல் மட்டும்தான். யார் உட்கார்ந்து எழுதினார் என்பது அதற்குத் தெரிய வழியில்லை. எளிய சொற்களில், பழகிய வாக்கிய அமைப்பில் எழுதும் மனிதர் இதில் மாட்டிக்கொள்வார். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இல் இதைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை 7 டிடெக்டர்களில் போட்டார்கள். எல்லாம் மனிதர்கள் எழுதியவை. சராசரியாகப் பாதிக்கு மேற்பட்ட கட்டுரைகளை 'ஏஐ' என்று அவை சொல்லிவிட்டன.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு டிடெக்டரை வெளியிட்டது. ஏஐ எழுதிய உரையில் 26 சதவீதத்தைத்தான் அது பிடிக்கும், மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாகக் குறிக்கும் என்று அவர்களே அறிவித்தார்கள். துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இந்த இரண்டு எண்களை ஒரு சிறு பத்திரிகையின் மேசையில் வைத்துப் பார்க்கலாம். ஒரு போட்டிக்கு 200 கதைகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 ஏஐ எழுதியவை, 180 மனிதர்கள் எழுதியவை. அந்த 20இல் கருவி பிடிப்பது 5. தப்பிப்பது 15. மனிதர்கள் எழுதிய 180இல் தவறாகக் குறிப்பது 16. ஆக 21 கதைகள் மீது சிவப்புக் கொடி. அவற்றில் 16 பேர் நேர்மையாக எழுதியவர்கள்! அந்த 21 பேரையும் நிராகரித்தால், ஒரு பொய்யரைத் தள்ளுவதற்கு மூன்று உண்மையானவர்களையும் சேர்த்துத் தள்ளியிருப்போம். பிறகு வந்த கருவிகள் சில இதைவிட நன்றாக இருக்கலாம். ஆனால் கணக்கின் அமைப்பு மாறாது. வருகிறவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்களாக இருக்கும்போது, சின்னப் பிழை வீதம்கூட நிறைய நேர்மையானவர்களைக் குற்றவாளி ஆக்கும்.

இந்த எண்கள் எல்லாம் ஆங்கில உரையில் கிடைத்தவை. இவ்வகைக் கருவிகளை முதலில் ஆங்கிலத்துக்குத்தான் உருவாக்கினார்கள். தமிழைப் போட்டாலும் ஏதோ ஒரு சதவீதம் திரையில் வரத்தான் செய்யும். அந்த எண்ணுக்குப் பின்னால் தமிழில் என்ன சோதனை நடந்திருக்கிறது என்று அந்தப் பக்கத்தில் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

எங்கள் ஆசிரியர் அந்தப் பெண்ணின் கதையைக் கருவியில் போட மறுத்துவிட்டார். "வெளிவராத ஒருத்தர் கதையை, அவங்களைக் கேக்காம, முன்பின் தெரியாத இடத்துல ஒட்டறது தப்பு" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. ஒட்டிய உரையை அந்தத் தளம் சேமித்து வைக்குமா, வேறு எதற்காவது பயன்படுத்துமா என்று யார் பொறுப்பேற்பது? அதற்குப் பதிலாக, 1990களில் தான் எழுதிய பழைய தலையங்கம் ஒன்றைத் தட்டச்சு செய்து போட்டுப் பார்த்தார். பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியது என்று வந்தது. அவர் கணினியையே தொடாத காலத்தில், தாளில் எழுதிக் கொடுத்த தலையங்கம் அது. அதோடு அந்தப் பக்கத்தை மூடிவிட்டோம்.

பெரிய பத்திரிகைகளும் இந்த இடத்தில்தான் தடுமாறின. அமெரிக்காவின் 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' என்ற அறிவியல் புனைவு இதழ் 2023 பிப்ரவரி 20 அன்று கதை வாங்குவதையே நிறுத்தியது. அந்த மாதத்தில் அதற்குள் 500க்கு மேற்பட்ட ஏஐ கதைகள் வந்து குவிந்திருந்தன. அடுத்த மாதம்தான் மறுபடி திறந்தார்கள். டிடெக்டர்களை நம்பி முடிவெடுக்க முடியாது என்று அதன் ஆசிரியர் நீல் கிளார்க் வெளிப்படையாகவே சொன்னார். கட்டுரைகளில் நிலைமை கொஞ்சம் எளிது, ஏனென்றால் அங்கே தகவலைச் சரிபார்க்கலாம். 2025 மே மாதம் 'சிகாகோ சன் டைம்ஸ்' நாளிதழோடு வந்த ஒரு கோடைகாலப் புத்தகப் பட்டியலில் 15 நூல்கள் இருந்தன. அவற்றில் 5 மட்டுமே உண்மையில் இருப்பவை. மற்றவை பிரபல எழுத்தாளர்கள் பெயரில் ஏஐ கற்பனை செய்தவை. அச்சுக்கு முன் யாராவது ஒருவர் ஒரு புத்தகக் கடைத் தளத்தில் அந்தப் பெயர்களைத் தேடியிருந்தால் போதும், பிடிபட்டிருக்கும்.

கதையில் அப்படித் தேட முடியாது. அதனால் அனுபவமுள்ள ஆசிரியர்கள் உரையை விட்டுவிட்டு, உரை உருவான வழியைக் கேட்கிறார்கள். வரைவுகள் இருக்கின்றனவா? நோட்டுப் புத்தகத்தில் எழுதினீர்களா? கூகுள் டாக்ஸில் எழுதினால் `Version history` என்ற இடத்தில் கதை நாளுக்கு நாள் வளர்ந்தது தெரியும். வேர்டு கோப்பில் `File > Info` போனால் `Total Editing Time` என்று ஒன்று இருக்கும். மூவாயிரம் சொல் கதைக்கு நான்கு நிமிடம் என்று இருந்தால் கேள்வி எழும். ஆனால் இதையும் தீர்ப்பாக எடுக்கக் கூடாது. நம்மவர்களில் பாதிப் பேர் ஃபோனில் எழுதுகிறார்கள். தமக்குத் தாமே வாட்ஸாப்பில் அனுப்பிச் சேர்த்து வைக்கிறார்கள், கடைசியில் மொத்தமாக எடுத்து வேர்டில் ஒட்டுகிறார்கள். அவர்களுக்கும் நான்கு நிமிடம்தான் காட்டும்.

ஆசிரியர் அந்தப் பெண்ணுக்கு ஃபோன் போட்டார். குற்றம் சாட்டும் குரலில் பேசவில்லை. "அம்மா, கதை வந்துச்சு. நல்லா ஆரம்பிச்சிருக்கீங்க. இது எப்படி எழுதினீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க" என்றார். அவர் தயங்காமல் சொன்னார். தாத்தாவின் தோப்பு நிஜம். நோட்டில் எழுதியது சுமார் 1,200 சொற்கள். எங்கள் அறிவிப்பில் 3,000 சொற்கள் வரை என்று போட்டிருந்தோம். அவ்வளவு இருந்தால்தான் எடுப்பார்கள் என்று நினைத்து, ஒரு ஏஐ கருவியில் போட்டு 'விரிவாக்கிக் கொடு' என்று கேட்டிருக்கிறார். முந்திரிப் பழமும் கவலை கொண்ட தாயும் அந்த 1,800 சொற்களில் வந்தவர்கள். "யோசனை என்னோடதுதானே சார், படிவத்துல சொந்தப் படைப்புன்னுதானே கேட்டீங்க?" என்றார்.

அவர் ஏமாற்றவில்லை. எங்கள் படிவம்தான் அரைகுறை. 'இது என் சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளிவராதது' என்ற பழைய வரியோடு நின்றிருந்தது. அந்த வரி எழுதப்பட்ட காலத்தில் 'சொந்தம் இல்லை' என்றால் இன்னொரு மனிதரிடமிருந்து திருடியது என்றுதான் பொருள். யாருடையதும் அல்லாத 1,800 சொற்கள் வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

இங்கேதான் ஒப்பந்தம் வருகிறது. மிக்சி வாங்கினால் கடைக்காரர் நமக்கு வாரண்டி கொடுக்கிறார். பதிப்பு ஒப்பந்தத்தில் வாரண்டி கொடுப்பவர் எழுத்தாளர், வாங்கிக்கொள்பவர் பதிப்பாளர். தமிழ் ஒப்பந்தங்களில் 'ஆசிரியர் உறுதியளிக்கிறார்' என்று தொடங்கும் பகுதி அதுதான். அங்கே 'ஆசிரியர்' என்றால் எழுத்தாளர். இது என்னுடையது, உரிமை என்னிடம் இருக்கிறது, பிறர் காப்புரிமையை மீறவில்லை, யாரையும் அவதூறு செய்யவில்லை என்பவை வழக்கமாக இருக்கும். 2023க்குப் பிறகு எழுதும் ஒப்பந்தங்கள் பலவற்றில் ஏஐ பற்றியும் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. தன்னால் கண்டுபிடிக்க முடியாத ஒன்றுக்குப் பதிப்பாளர் எழுத்தாளரின் சொல்லை வாங்கி வைத்துக்கொள்கிறார். நாளைக்கு அந்தச் சொல் பொய் என்று தெரிந்தால் பொறுப்பு எழுத்தாளருடையது.

பதிப்பாளருக்கும் இதில் நியாயமான காரணம் உண்டு. பதிப்பாளர் உங்களிடமிருந்து வாங்குவது உரிமையை. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் தெளிவாகவே சொல்லிவிட்டது: இயந்திரம் உருவாக்கிய பகுதிக்குக் காப்புரிமை இல்லை, மனிதர் படைத்த பகுதிக்கு மட்டும்தான் உண்டு. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், பிரிவு 2(d)(vi), கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாகச் செய்த நபரே ஆசிரியர் என்கிறது. அந்தச் சொற்கள் 1994 திருத்தத்தில் வந்தவை. இன்றைய ஏஐ அப்போது யாருடைய மனதிலும் இல்லை. 'விரிவாக்கிக் கொடு' என்று ஒரு வரி தட்டியவர் அந்தப் பொருளில் ஆசிரியரா என்பதை வைத்து எந்தப் பதிப்பாளரும் நிம்மதியாகப் பணம் போட மாட்டார். ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு உரிமை விற்கப் போகும்போது அங்கே கேள்வி வரும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்தப் பெண் இன்னொரு தாளையும் கொண்டுவந்து காட்டினார். வேறொரு பதிப்பகம் அவருடைய சிறுகதைத் தொகுப்புக்கு அனுப்பிய ஒப்பந்தம் அது. நாங்கள் மூவரும் அதை வரி வரியாகப் படித்தோம். ஏஐ பிரிவு இப்படி இருந்தது:

"இப்படைப்பின் எந்தப் பகுதியும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் உதவியுடன் தயாரிக்கப்பட்டதல்ல என ஆசிரியர் உறுதியளிக்கிறார். இவ்வுறுதிமொழி மீறப்பட்டால் பதிப்பாளருக்கு ஏற்படும் அனைத்து இழப்புகளையும் செலவுகளையும் ஆசிரியர் ஈடு செய்வார்."

முதல் வாக்கியத்தில் சிக்கல் 'உதவியுடன்' என்ற சொல்லில் இருக்கிறது. ஃபோனில் பேசித் தட்டச்சு செய்வது உதவிதான். பிழைதிருத்தி உதவிதான். ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொல் தேடியதும் உதவிதான். நேர்மையாக எழுதிய ஒருவர்கூட இந்த வரியில் முழு மனதோடு கையெழுத்துப் போட முடியாது. உருவாக்கியது வேறு, உதவியது வேறு. அமேசானின் கிண்டில் பதிப்புத் தளம் 2023 செப்டம்பர் முதல் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் கேட்கிறது. உரையை, படத்தை, மொழிபெயர்ப்பை ஏஐ உருவாக்கியிருந்தால், பிறகு நீங்கள் எவ்வளவு திருத்தினாலும், அதைத் தெரிவிக்க வேண்டும். நீங்களே எழுதியதைச் செம்மைப்படுத்தவோ பிழை பார்க்கவோ கருவியைப் பயன்படுத்தினால் தெரிவிக்கத் தேவையில்லை. மொழிபெயர்ப்பு 'உருவாக்கிய' பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். கூகுளில் போட்டு எடுத்துத் திருத்திய மொழிபெயர்ப்பைப் பலரும் தாங்களே செய்ததாக மனதார நம்புகிறார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ஆத்தர்ஸ் கில்டு எழுத்தாளர்களுக்குத் தரும் வழிகாட்டுதலும் ஒரேயடியாகத் தடை விதிப்பதில்லை. குறிப்பிடத்தக்க அளவு ஏஐ உருவாக்கிய உரை இருந்தால் எழுத்தாளர் அதைப் பதிப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதே அதன் போக்கு. தெரிவிக்கச் சொல்லும் பிரிவு இருந்தால் உண்மை பேச இடம் இருக்கிறது. தடை மட்டும் போட்டால் மறைக்கத்தான் தோன்றும். எங்கள் மேசைக்கு வந்த கதையே அதற்குச் சாட்சி. கேட்டபோது அந்தப் பெண் சொன்னார், அதுவரை யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது வாக்கியம்தான் பணத்தைப் பற்றியது. இதை ஆங்கிலத்தில் இன்டெம்னிட்டி என்பார்கள், ஈட்டுறுதி என்று தமிழில் சொல்லலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 124, ஒருவர் இன்னொருவரை இழப்பிலிருந்து காப்பதாகத் தரும் வாக்கை இப்படி வரையறுக்கிறது. அடுத்த பிரிவான 125இன்படி, அந்த வாக்கைப் பெற்றவர் வழக்கில் கட்ட வேண்டிவந்த தொகையையும் வழக்குச் செலவையும், நியாயமாகச் செய்துகொண்ட சமரசத் தொகையையும்கூடத் திரும்பக் கேட்கலாம். 'அனைத்து இழப்புகளும்' என்பது சும்மா எழுதிய அலங்காரச் சொல் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். தொகுப்பு 500 பிரதி, விலை 200 ரூபாய், ராயல்டி 10 சதவீதம். எல்லாம் விற்றால் எழுத்தாளருக்குக் கிடைப்பது 10,000 ரூபாய். அச்சுச் செலவு பிரதிக்கு 60 ரூபாய் என்று வைத்தால் பதிப்பாளர் போட்டது 30,000. 'விரிவாக்கிய' கதை அதில் இருந்து, புத்தகம் வந்தபின் அது வெளியே தெரிந்து, பதிப்பாளர் பிரதிகளைத் திரும்பப் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 30,000, கடைகளிலிருந்து திருப்பிக் கொண்டுவரும் செலவு, வக்கீல் ஃபீஸ் எல்லாம் எழுத்தாளர் தலையில். பத்தாயிரம் வர வாய்ப்புள்ள ஒருவர், எல்லையே சொல்லாத ஒரு தொகைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுகிறார். ஒப்பந்தத்தில் '2 லட்சம் அபராதம்' என்று தொகையே எழுதியிருந்தாலும், பிரிவு 74இன்படி நீதிமன்றம் அந்தத் தொகைக்கு மேற்படாமல் நியாயமான இழப்பீட்டைத்தான் வழங்கும். ஆனால் அங்கே போய்ச் சேரும் வரை அலைச்சல் உங்களுடையது. இந்தக் காகிதத்தில் வழக்கு நடக்கும் இடம் என்று வேறு ஊரின் பெயர் இருந்தது. புதுச்சேரியோ கடலூரோ என்றால் காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

ஆகவே நாங்கள் அந்தத் தாளில் மூன்று மாற்றங்களைக் கேட்கச் சொன்னோம். 'உதவியுடன் தயாரிக்கப்பட்டதல்ல' என்பதை 'ஆசிரியர் எழுத்து மூலம் தெரிவித்த பகுதிகள் தவிர, உரை கருவிகளால் உருவாக்கப்பட்டதல்ல' என்று மாற்றுவது ஒன்று. இழப்பீடு, ஆசிரியர் இந்த நூலிலிருந்து பெற்ற தொகைக்கு மேற்படாது என்று எல்லை போடுவது இன்னொன்று. வெறும் புகாரின் பேரிலோ டிடெக்டர் காட்டிய சதவீதத்தின் பேரிலோ மட்டும் மீறல் என்று முடிவு செய்யக் கூடாது, ஆசிரியர் வரைவுகளைக் காட்ட வாய்ப்புத் தர வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்தோம். முதலாவதைக் கேட்பதில் எந்தப் பதிப்பாளரும் கோபப்பட மாட்டார். இரண்டாவதற்குப் பேரம் நடக்கும். மூன்றாவது கிடைக்காவிட்டாலும் கேட்டு வைப்பது நல்லது, ஏனென்றால் பதிப்பகம் டிடெக்டரை எப்படி நம்புகிறது என்பது அவர்கள் பதிலிலேயே தெரிந்துவிடும்.

நான் என் பக்கத்திலிருந்து நான்காவதாக ஒன்றைச் சொன்னேன். மெய்ப்புப் பார்க்கிறவள் என்பதால் எனக்கு இது கண்ணில் படும். எழுத்தாளர் கொடுத்த பிரதி அப்படியே அச்சுக்குப் போவதில்லை. பதிப்பகத்தில் செம்மையாக்கம் செய்பவர் ஒரு பத்தியைக் கருவியில் போட்டு 'சரளமாக்கி' எடுத்திருந்தால்? பின்னட்டை வாசகத்தை ஏஐ எழுதியிருந்தால்? புத்தகத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் எழுத்தாளர் உறுதி கொடுத்திருந்தால் அந்தப் பழியும் அவர் மேல்தான் வரும். அதனால் உறுதிமொழி 'ஆசிரியர் ஒப்படைத்த கைப்பிரதிக்கு' மட்டும் என்று இருக்க வேண்டும். அனுப்பிய கோப்பை, அனுப்பிய மின்னஞ்சலோடு, அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். உறுதிமொழியை ஒருவர் மட்டும் தரவேண்டும் என்றும் இல்லை. கைப்பிரதியை ஆசிரியர் ஒப்புதல் இல்லாமல் ஏஐ பயிற்சிக்குக் கொடுக்க மாட்டோம் என்று பதிப்பாளர் பதிலுக்கு எழுதித் தரலாம். ஆத்தர்ஸ் கில்டு இதற்கு ஒரு மாதிரிப் பிரிவே வைத்திருக்கிறது.

கதை என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஆசிரியர் நோட்டை அனுப்பச் சொன்னார். நீலக் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டின் ஒன்பது பக்கங்கள் படமாக வந்தன. அந்த 1,200 சொற்களில் முந்திரி மரம் வெறுமனேதான் நின்றது. "இன்னும் பூக்கக்கூட இல்ல, அதுக்குள்ள சாச்சிடுச்சி" என்று தாத்தா சொல்லும் வரி அங்கே இருந்தது. விரிவாக்கியபோது அது காணாமல் போயிருக்கிறது. அந்த ஒன்பது பக்கங்களை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

எங்கள் படிவத்தையும் அன்றே மாற்றினோம். 'இந்த உரையின் வாக்கியங்களை நானே எழுதினேன். ஏதேனும் ஒரு பகுதியைக் கருவி உருவாக்கியிருந்தால் அது எது என்று கீழே எழுதியிருக்கிறேன். பேசித் தட்டச்சு செய்வதும் பிழை பார்ப்பதும் இதில் சேராது' என்று. அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு, தாத்தா பேசியதை ஃபோனில் பதிவுசெய்து, அதிலிருந்து கருவி எழுத்தாக்கித் தந்ததை நோட்டில் பார்த்து எழுதினேன், அது எதில் சேரும் என்று கேட்டார். நாங்கள் அதை நினைக்கவில்லை. பேசியது தாத்தா, கருவி எழுத்தாக மட்டும் மாற்றியது. அதனால் சேராது என்று ஆசிரியர் சொன்னார். சொன்னதோடு விடாமல் படிவத்தின் ஓரத்தில் 'ஒலிப்பதிவை எழுத்தாக்குவதும் சேராது' என்று பேனாவில் எழுதி, பக்கத்தில் தானும் கையெழுத்துப் போட்டு, அவரையும் போடச் சொன்னார்.